லிஃப்ட் பட்டனும் நோட்டீஸ் போர்டும்: புதிதாகக் குடிவந்தவருக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது எப்படி

வாழப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓட்டு வீட்டிலேயே இருந்து பழகிய என் பெரியம்மா, போன வருஷம் சேலம் அழகாபுரத்தில் அண்ணன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். வீடு மூன்றாவது மாடி. பெரியம்மா தினமும் தமிழ்ப் பேப்பரை விளம்பரம் வரைக்கும் விடாமல் படிப்பவர். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவர் கண்ணில் படுகிற எழுத்து எல்லாமே ஆங்கிலம். லிஃப்டுக்குள் ஒரு பட்டன் பலகை, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் லேமினேட் செய்து மாட்டிய பதினான்கு விதிகள். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை பெரியம்மா தனி.

அதையெல்லாம் போனில் படம் பிடித்து வந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். முதலில் எழுதிய தாளில் சொல்லெல்லாம் சரியாக இருந்தும் அது அவருக்கு உதவவில்லை. இரண்டாவது தாள்தான் உதவியது. உங்கள் வீட்டுக்கும் ஊரிலிருந்து அப்பாவோ அத்தையோ வந்திருந்தால் இதே வேலையை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் படம்

சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். லிஃப்ட் பலகை பெரும்பாலும் பளபளப்பான ஸ்டீல். நேராக நின்று எடுத்தால் உங்கள் முகமும் மேலே எரிகிற விளக்கும்தான் விழும். கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முழுப் பலகையும் தெரிகிற மாதிரி ஒரு படம், பிறகு மேலிருந்து கீழாக மூன்று நான்கு கிட்டப் படங்கள். முழுப் படம் ஏன் முக்கியம் என்றால், எந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். தனித்தனிப் படமாக வீட்டுக்கு வந்து பார்த்தால், மணி படம் போட்ட பட்டன் மூடுகிற பட்டனுக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று நினைவு வராது.

பலகை லிஃப்டுக்கு உள்ளே மட்டும் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் வெளியே இருக்கிற மேல் அம்பு, கீழ் அம்பு பட்டன்களையும் எடுங்கள். தரைத்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சின்னப் பெட்டியில் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருந்தால் அதையும் எடுங்கள்.

நோட்டீஸ் போர்டில் லேமினேஷன் பளபளப்பு ஒரு தொல்லை. தாளைப் பகுதி பகுதியாக எடுங்கள். முதல் படத்தின் கடைசி வரி அடுத்த படத்தில் முதல் வரியாக மறுபடி வரவேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு விதி காணாமல் போகும். ஓரத்தில் பேனாவால் திருத்தியிருந்தால் அதுதான் இப்போது நடப்பில் இருக்கிற விதி, அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் போர்டில் பராமரிப்புக் கட்டணத் தேதி அச்சில் 10, பேனாவில் 5. பக்கத்தில் யார் யார் பணம் பாக்கி என்று வீட்டு எண்ணோடு ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். அது படத்தில் விழாமல் பாருங்கள், விழுந்தால் வெட்டிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் அடுத்த வீட்டுக்காரர் பாக்கி சுற்றக் கூடாது.

மாடி எண்

எங்கள் பலகையில் மேலிருந்து 4, 3, 2, 1, அதற்குக் கீழே ‘எஸ்’. எஸ் என்றால் ஸ்டில்ட், அதாவது தூண்கள் மட்டும் நின்று கீழே வண்டி நிறுத்துகிற தளம். அகராதியைப் பார்த்து ‘பொய்க்கால்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. சில கட்டடத்தில் அதே இடத்தில் ‘ஜி’ இருக்கும், சிலவற்றில் சைபர். ‘பி’ என்று இருந்தால் தரைக்கும் கீழே இருக்கிற பேஸ்மென்ட். எங்கள் வீட்டு எண் 3பி, கட்டடத்தின் வெளியே ‘பி பிளாக்’ என்று பெரிய பலகை வேறு. ஒரே எழுத்து மூன்று இடத்தில் மூன்று பொருளில் வரும். வீட்டு எண்ணில் ‘பி’ இருக்கிறதே என்று வேறு கட்டடத்தில் பெரியம்மா பி பட்டனை அழுத்தினால் இருட்டான பேஸ்மென்டில் போய் நிற்பார்.

முதல் தாளில் நான் ‘எஸ் - தூண் தளம், 1 - முதல் தளம், 2 - இரண்டாம் தளம்’ என்று எழுதியிருந்தேன். பெரியம்மா கேட்டார்: “தரையில இருந்து எண்ணுறதா, மாடியில இருந்து எண்ணுறதா கண்ணு?” கேட்டது நியாயம். ‘தளம்’ என்றால் தரையையும் சேர்த்து எண்ணத் தோன்றும். ‘மாடி’ என்றால் தரைக்கு மேலே ஏறினால்தான் கணக்கு. அதனால் இரண்டாவது தாளில் எண்ணுக்கு எதிரே பெயரைக்கூட எழுதவில்லை, அங்கே என்ன இருக்கிறது என்று எழுதினேன். ‘3 - நம்ம வீடு. எஸ் - தெருவுக்குப் போக, வாட்ச்மேன் இருக்கும் இடம். 4 - கடைசி மாடி, மொட்டை மாடிக்கு இங்கிருந்து படி ஏறணும்.’ 1, 2 இரண்டுக்கும் ‘நமக்கு வேலை இல்லை’ என்று போட்டேன்.

வெளியே இருக்கிற அம்பு

அம்புக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை என்று நினைத்து முதல் தாளில் விட்டுவிட்டேன். அதுதான் தினமும் தகராறு செய்தது. பெரியம்மா மூன்றாவது மாடியில் நிற்கிறார், லிஃப்ட் கீழே இருக்கிறது. அது மேலே வரவேண்டும், ஆகவே மேல் அம்பை அழுத்துகிறார். லிஃப்ட் வருகிறது, ஏறுகிறார், அது நாலாவது மாடிக்குப் போய்விடுகிறது. பல பேர் இப்படித்தான் அழுத்துகிறார்கள், படித்தவர்களும்தான். அந்த அம்பு லிஃப்ட் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று சொல்வதில்லை, நாம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்கிறது. ‘மேல்’, ‘கீழ்’ என்று மட்டும் எழுதினால் இந்தக் குழப்பம் தீராது. ‘▲ நான் மேலே போகணும், ▼ நான் கீழே போகணும்’ என்று ‘நான்’ சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு சொல்லைச் சேர்த்த நாளிலிருந்து பெரியம்மா தப்பாக அழுத்தவில்லை.

திற, மூடு, மணி

◁▷ என்பது கதவு திற, ▷◁ என்பது கதவு மூடு. நடுவில் ஒரு கோடு இருக்கும். முனைகள் கோட்டை விட்டு வெளியே பார்த்தால் திறப்பு, கோட்டைப் பார்த்தால் மூடல். இரண்டும் வயதான கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். பெரியம்மாவுக்குத் திறக்கிற பட்டன் மட்டும் தெரிந்தால் போதும் என்று முடிவு செய்தேன். கதவு தானாக மூடிக்கொள்ளும், மூடுகிற பட்டனைத் தொடவே வேண்டாம். ‘யாராவது ஓடி வந்தால் இதை அழுத்திப் பிடி’ என்று ◁▷ பக்கத்தில் எழுதினேன். பலகையில் இருக்கிற எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது நம் வேலை இல்லை. சாவி போடுகிற துளை ஒன்று இருக்கும். அது லிஃப்ட் ஆட்களுக்கு. அதற்கு நேரே ‘நமக்கில்லை’.

மணி படத்தில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். ‘அழைப்பு மணி’ என்று எழுதிவிட்டேன். வீட்டு வாசலில் இருப்பதும் அழைப்பு மணிதானே? மூன்றாவது மாடி வந்ததும், கதவைத் திறந்து வைக்கச் சொல்லி வீட்டுக்குச் சொல்லுகிற மணி என்று எண்ணி பெரியம்மா அதை நீள அழுத்தினார். யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று வாட்ச்மேன் மூன்று மாடி படியேறி ஓடி வந்தார். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், நிஜமாகவே மாட்டிக்கொள்கிற நாளில் யாரும் ஓடி வரமாட்டார்கள். ‘அலாரம்’ என்று அப்படியே போட்டாலும் சரியில்லை, அது அவருக்குக் கடிகாரம். இப்போது தாளில் இப்படி இருக்கிறது: ‘🔔 ஆபத்து மணி. லிஃப்ட் நடுவில் நின்றால் மட்டும்.’

எடைத் தகட்டில் 6 பேர், 408 கிலோ என்று இருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கில் வந்த எண் அது; எட்டுப் பேர் லிஃப்டில் 544 என்று பார்க்கலாம். லிஃப்டுக்குத் தலை எண்ணத் தெரியாது, எடைதான் தெரியும். ஐந்து பேரும் நான்கு அரிசிச் சிப்பமும் ஏறினால், ஆறு பேருக்குக் குறைவுதானே என்று சொல்ல முடியாது. எடை கூடிவிட்டால் சத்தம் வரும், திரையில் ‘ஓ.எல்.’ என்றோ ‘ஓவர்லோட்’ என்றோ காட்டும், கதவு மூடாது. இதை ‘அதிக சுமை’ என்று மொழிபெயர்ப்பதைவிட, ‘கீச்சென்று சத்தம் வந்து கதவு மூடாவிட்டால், கடைசியாக ஏறியவர் இறங்கணும். லிஃப்ட் கெட்டுப்போகவில்லை’ என்று எழுதுவது நல்லது.

இன்னொரு சொல்: ‘கார்’. லிஃப்ட் தொழிலில் நாம் ஏறி நிற்கிற பெட்டிக்குப் பெயரே கார். கார் கதவில் சாயாதீர்கள், கார் நடுவில் நின்றால் இறங்காதீர்கள் என்றெல்லாம் ஸ்டிக்கரில் இருக்கும். அப்படியே தமிழில் போட்டால் பார்க்கிங் சம்பந்தப்பட்ட விதி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். ‘லிஃப்ட் கதவு’, ‘லிஃப்ட் பெட்டி’ என்று மாற்றுங்கள். நடுவில் நின்றால் கதவைப் பிடித்து இழுக்கக் கூடாது, இடுக்கு வழியாக இறங்கக் கூடாது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் இருக்கும்போது கதவை நெம்பித் திறந்து இறங்கப் பார்த்தால், காலுக்குக் கீழே லிஃப்ட் குழி திறந்து கிடக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த சிவப்பு சுவிட்ச் தீயணைப்பு வீரர்களுக்கானது. அதைப் போட்டால் லிஃப்ட் வழியில் எங்கும் நிற்காமல் கீழே வந்துவிடும். ‘தொட வேண்டாம்’, அவ்வளவுதான். அதன் பக்கத்திலேயே இருக்கிற வரிதான் தாளில் தடித்த எழுத்தில் வரவேண்டும்: தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது, படி வழியாக இறங்கணும்.

பழைய கட்டடங்களில் இரும்புக் கிரில் கேட்டை நாமே இழுத்து மூடுகிற லிஃப்ட் இருக்கும். ‘இரண்டு கேட்டையும் மூடவும்’ என்ற ஸ்டிக்கரை மொழிபெயர்க்கும்போது ‘இறங்கிய பிறகும்’ என்று சேர்த்துவிடுங்கள். இறங்கியவர் திறந்தே விட்டுவிட்டால் வேறு மாடியில் நிற்கிறவர் எத்தனை முறை அழுத்தினாலும் அது நகராது.

கரண்ட் போனால்

எங்கள் லிஃப்டுக்குள் ‘ஏ.ஆர்.டி. பொருத்தப்பட்டது, பதற வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர். கரண்ட் போனதும் பேட்டரியில் ஓடி, பெட்டியைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடுகிற கருவி அது. ‘தானியங்கி மீட்புச் சாதனம்’ என்று எழுதினால் சொல் சரி, பெரியம்மாவுக்குப் பயன் பூஜ்ஜியம். அவருக்குத் தெரிய வேண்டியது என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்பது. முதலில் பெட்டி டக்கென்று நிற்கும். விளக்கு மங்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு மெதுவாக நகரும், ஏதோ ஒரு மாடியில் கதவு திறக்கும்.

அந்த ‘ஏதோ ஒரு மாடி’தான் இதில் கவனிக்க வேண்டியது. ஒருநாள் மதியம் மேலே வரும்போது கரண்ட் போய், இரண்டாவது மாடியில் கதவு திறந்திருக்கிறது. பெரியம்மா இறங்கி, இடது பக்கம் திரும்பி, தன் வீட்டு வாசல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்த கதவில் சாவியைப் போட்டிருக்கிறார். சாவி திரும்பவில்லை. உள்ளே இருந்த அம்மா பயந்து சத்தம் போட, இவரும் பயந்துவிட்டார். எல்லா மாடியும் ஒரே அச்சில் இருக்கிற கட்டடத்தில் இது நடக்கத்தான் செய்யும். வீட்டுக்கு வெளியே ஒரு துளசித் தொட்டி வைத்து அடையாளம் செய்யலாம் என்று பார்த்தால், ஒன்பதாவது விதி நடைபாதையில் எதையும் வைக்கக் கூடாது என்கிறது. கடைசியில் லிஃப்ட் எதிர்ச் சுவரில் பெயின்டில் போட்டிருந்த மாடி எண்ணைக் காட்டினேன். தாளில் எழுதியது: ‘கரண்ட் போய்க் கதவு திறந்தால், வெளியே வந்து எதிர்ச் சுவரைப் பார். 3 இருந்தால் மட்டும் நம்ம வீடு. இல்லாவிட்டால் படியில் போ.’

எல்லா லிஃப்டிலும் இந்தக் கருவி இருக்காது. சிலவற்றில் ஜெனரேட்டர் வரும்வரை பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எழுதுவதற்கு முன்னால் வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

பதினான்கு விதிகள்

விதிகளில் வருகிற சொற்களைவிட, வாக்கியம் முடிகிற இடம்தான் முக்கியம். ஆங்கிலத்தில் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று வருவது வேண்டுகோள். ‘கண்டிப்பாகத் தடை’ என்பது தடை. ‘முன் அனுமதியின்றி கூடாது’ என்பது கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அர்த்தம். மூன்றுக்கும் ஒரே ‘கூடாது’ போட்டால் பெரியம்மா மொட்டை மாடியில் வடகம் காயப்போடக்கூடப் பயப்படுவார். நிஜத்தில் அந்த விதி, செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போடலாம் என்கிற வகை. தாளை மூன்றாகப் பிரித்தேன்: செய்யவே கூடாது, கேட்டுவிட்டுச் செய்யலாம், செய்யாமல் இருந்தால் நல்லது.

‘தவிர’ வருகிற விதியை இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுங்கள். ஆறாவது விதியை ஆங்கிலத்தின் வரிசையிலேயே தமிழாக்கினால் இப்படி வரும்: ‘வார நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை தவிர டிரில்லிங், மர வேலைகள் அனுமதிக்கப்படமாட்டாது.’ அவசரமாகப் படிக்கிறவர் காலை 10 முதல் 5 வரை கூடாது என்று எடுத்துக்கொள்வார், அதாவது நேர் எதிராக. இப்படி மாற்றினேன்: ‘டிரில், மர வேலை: காலை 10 முதல் மாலை 5 வரை செய்யலாம். மற்ற நேரம் கூடாது. ஞாயிறு முழுக்கக் கூடாது.’ சனிக்கிழமை? ஆங்கிலத்தில் ‘வார நாட்கள்’ என்றுதான் இருக்கிறது. சேலத்தில் பாதிப் பேருக்குச் சனி வேலை நாள். இதை நாமே ஊகித்து எழுதக் கூடாது. செயலாளரைக் கேட்டேன், சனி செய்யலாம் என்றார். தாளில் அதையும் சேர்த்தேன்.

தேதி, நேரத்திலும் இதே கவனம் வேண்டும். இரவு 10 முதல் 6 என்றால் ‘மறுநாள் காலை 6’ என்று எழுதுங்கள். பகல் பன்னிரண்டும் நள்ளிரவு பன்னிரண்டும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் மாறிப்போகும் என்பதால் ‘மதியம்’, ‘நடு ராத்திரி’ என்றே போடுங்கள். ‘5ஆம் தேதிக்குள்’ என்பதில் ஐந்தாம் தேதியும் சேர்த்தி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சுருக்கெழுத்துகள் நம் ஊர்க் கட்டடங்களுக்கே உரியவை. ஓ.டி.எஸ். என்றால் வீடுகளுக்கு நடுவே வானம் தெரிகிற மாதிரி விட்டிருக்கும் கிணறு போன்ற இடம். வெளியூர் ஆள் அகராதியில் தேடிக் கிடைக்காது. ‘ஓ.டி.எஸ்.ஸில் குப்பை போடக் கூடாது’ என்பதை ‘சமையலறை ஜன்னல் வழியாக வெளியே எதையும் போடாதே’ என்று எழுதினேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது அந்த ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது. ‘காமன் ஏரியா’வைப் ‘பொது இடம்’ என்றால் பஸ் ஸ்டாண்ட் நினைவுதான் வரும். ‘படி, நடைபாதை, மொட்டை மாடி, எல்லா வீட்டுக்கும் சொந்தமான இடம்’ என்று விரித்துச் சொல்லுங்கள். ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று புதிதாகச் சொல் தேட வேண்டாம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ‘கார்ப்பரேஷன் வாட்டர்’, ‘போர் வாட்டர்’ என்று இரண்டு குழாய்க்கு நேரம் போட்டிருந்ததை மேட்டூர் தண்ணி, உப்புத் தண்ணி என்று எழுதினேன். எது குடிக்க, எது துவைக்க என்று அதற்கு மேல் விளக்கவே தேவைப்படவில்லை.

ஒரு விதியில் மட்டும் கை நின்றது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது. பெரியம்மா அதைப் படித்தால் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிடவோ இதமாக்கவோ தோன்றியது. அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. இருப்பதை இருக்கிறபடி எழுதினால்தான் அதை எதிர்த்துப் பேச முடியும். எழுதினேன். பெரியம்மா படித்துவிட்டு, “நாலு மாடி ஏறி வந்து பாத்திரம் விளக்குற பிள்ள படியில போவணுமா?” என்று கேட்டார். அண்ணன் அதைச் சங்கக் கூட்டத்தில் எழுப்பினார்.

தாளும் சோதனையும்

லிஃப்டுக்கான தாள் தனி, விதிகளுக்கான தாள் தனி. லிஃப்ட் தாள் உள்ளங்கை அளவுக்குக் கெட்டி அட்டையாக இருக்கட்டும். பலகையில் எந்த வரிசையோ அதே வரிசை, இடது பக்கம் பட்டனில் உள்ள குறி, வலது பக்கம் தமிழ். எழுத்து கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக. அதைப் பலகை மேலேயே ஒட்டிவிடாதீர்கள். பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்கிற புள்ளி எழுத்து மறைந்துவிடும், மற்றவர்களுக்கும் இடைஞ்சல். பெரியம்மா அதைச் சாவிக் கொத்தோடு கோத்து வைத்திருக்கிறார்.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டி, “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார்கள். கூடவே போய், வாய் திறக்காமல் நில்லுங்கள். “கீழே போய் வாட்ச்மேன்கிட்ட பேப்பர் வாங்கிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லுங்கள். எந்த இடத்தில் விரல் தயங்குகிறதோ அந்த வரியை மாற்றி எழுதவேண்டும். பெரியம்மா விரல் எஸ் பட்டனில் தயங்கியது. எழுத்தின் வடிவம் அவருக்குப் பாம்பு மாதிரி இருந்ததாம். அட்டையில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ‘பாம்பு மாதிரி’ என்று அவரே பேனாவால் எழுதிக்கொண்டார்.

தாளின் அடியில் படம் எடுத்த தேதியைப் போட்டுவையுங்கள். போர்டில் நோட்டீஸ் மாறும்போது எந்தத் தாள் பழையது என்று அதை வைத்துத்தான் தெரியும். எங்கள் போர்டில் ஆறாவது விதியில் சனிக்கிழமையை இப்போது பேனாவால் சேர்த்திருக்கிறார்கள்.